காணாமற்போன இன்வொய்ஸ் எண்களும் களஞ்சியத்தை விட்டுப் போன பொருளும்

கேள்வி: "புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் கணக்காய்வாளர்கள் வருகிறார்கள். விற்பனை அறிக்கையில் இடையிடையே சில இன்வொய்ஸ் எண்கள் இல்லை. எல்லாம் ரத்துச் செய்தவைதான் என்கிறார் முகாமையாளர். விடுபட்டவற்றை ஒன்றும் தவறாமல் கண்டுபிடிப்பது எப்படி? அவற்றில் எவை பிரச்சினையானவை? பூச்சியத் தொகைக்கு இன்வொய்ஸ் போட்டு இடைவெளியை நிரப்பிவிடலாமா?"

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: நிரப்பாதீர்கள். யார் சொன்னாலும் நிரப்பாதீர்கள். தொடரில் ஓர் எண் இல்லாமல் இருப்பதற்கு நூறு நியாயமான காரணங்கள் இருக்கலாம். செப்டெம்பர் மாதத்து எண்ணுக்கு மே மாதத்தில் ஒரு பூச்சிய இன்வொய்ஸ் உருவாக்கியதற்கு ஒரு நியாயமும் சொல்ல முடியாது. இன்வொய்ஸில் தெரியும் திகதியை நீங்கள் விரும்பியபடி போடலாம். ஆனால் அந்தப் பதிவு எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தப் பயனரின் பெயரில் உருவானது என்பதைப் பெரும்பாலான கணக்கு மென்பொருள்கள் தனியாகக் குறித்துவைக்கின்றன. கணக்காய்வாளர் முதலில் கேட்டு வாங்கும் கோப்பில் அந்தக் குறிப்பும் இருக்கும். அப்பாவித்தனமாக விடுபட்ட ஓர் எண்ணை நீங்களே சந்தேகத்துக்குரியதாக மாற்றிவிடுவீர்கள்.

இனி எண்களைத் தேடும் வேலை. இதில் பலர் சறுக்குவது சூத்திரத்தில் அல்ல, எந்தப் பட்டியலை எடுக்கிறார்கள் என்பதில்தான். விற்பனை அறிக்கை பெரும்பாலும் ரத்தானவற்றை ஒதுக்கிவிட்டு அச்சாகும். சில மென்பொருள்களில் அது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி என்று வரும். ஐந்து பொருள் விற்ற இன்வொய்ஸ் ஐந்து முறை தெரியும். ஆகவே அறிக்கையை விட்டுவிட்டு, இன்வொய்ஸ் ஒன்றுக்கு ஒரு வரி என்ற கணக்கில், ரத்தானவை உட்பட முழுப் பதிவையும் எடுத்துத் தரும்படி மென்பொருள்காரரிடம் கேளுங்கள். அவர் மறுத்தால் அறிக்கையை வைத்தே தொடங்கலாம். ஆனால் அதில் ரத்தானவை இல்லை என்பதை மறக்கக்கூடாது.

அடுத்து, உங்கள் நிறுவனத்தில் எத்தனை தொடர்கள் ஓடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். வற் பதிவுள்ள வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வரி இன்வொய்ஸ் ஒரு தொடர், சாதாரணக் கடை பில் இன்னொரு தொடர், கிளைக்கு வேறொரு தொடர், மின்சாரம் போனால் எழுதும் கைப்புத்தகம் மற்றொன்று. இவற்றைக் கலந்துவிட்டால் இல்லாத இடைவெளிகள் தோன்றும். இருக்கும் இடைவெளிகள் மறைந்துபோகும். ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் வையுங்கள்.

ஒரு உதாரணத்தோடு சொன்னால் எளிது. சில ஆண்டுகளுக்கு முன் பழைய சோனகத் தெருப் பக்கம் பெயிண்ட், குழாய், ஆணி வகைகள் விற்கும் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் நான் இதே வேலையைச் செய்தேன். அடையாளம் தெரியாதிருக்க எண்களையும் காலத்தையும் மாற்றியிருக்கிறேன்; நடந்தது மாறவில்லை. நிதியாண்டு 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி இன்வொய்ஸ் தொடர் TI-24-08113 இல் தொடங்கி TI-24-12046 இல் முடிந்தது. முதலெண்ணையும் சேர்த்து எண்ணினால் 3,934 இன்வொய்ஸ்கள் இருக்க வேண்டும். எங்கள் கையிலிருந்த விற்பனை அறிக்கையில் 3,897 வரிகள் இருந்தன. 37 குறைகிறது என்று கணக்காளர் எழுதி வைத்திருந்தார். உண்மையில் குறைந்தவை 39. இரண்டு இன்வொய்ஸ்கள், பணம் இரண்டு தவணையாக வந்ததால், இரண்டு வரிகளாகப் பதிந்திருந்தன. வரிகளை மட்டும் எண்ணிக் கழித்தால் இரட்டித்து வந்தவை விடுபட்டவற்றை மூடி மறைத்துவிடும்.

எக்செலில் செய்வது இப்படி. இன்வொய்ஸ் எண் A நிரலில் எழுத்தாக இருக்கும். அதன் கடைசி ஐந்து இலக்கங்களை B நிரலில் எண்ணாக்க வேண்டும்:

```
=VALUE(RIGHT(TRIM(A2),5))
```

இதைக் கீழே வரை இழுத்து, கிடைத்ததை மதிப்புகளாக ஒட்டி, முழுப் பட்டியலையும் B நிரலின்படி ஏறுவரிசையில் அடுக்குங்கள். பிறகு C3 இல்:

```
=B3-B2
```

விடை 1 என்றால் தொடர் சரி. 0 என்றால் ஒரே எண் இரண்டு முறை வந்திருக்கிறது. 1ஐ விடக் கூடுதலாக இருந்தால் அந்த இடத்தில் இடைவெளி; விடையில் ஒன்றைக் கழித்தால் எத்தனை எண்கள் இல்லை என்று தெரியும். புதிய எக்செல் இருந்தால் விடுபட்ட எண்களையே ஒரு பட்டியலாக எடுத்துவிடலாம்:

```
=LET(s,SEQUENCE(12046-8113+1,1,8113),
 FILTER(s,COUNTIF(B2:B3898,s)=0))
```

இந்த இரண்டு வழிகளும் நடுவிலுள்ள ஓட்டைகளை மட்டுமே காட்டும். தொடரின் இரு முனைகளைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது. உண்மையில் கடைசி எண் 12061 ஆக இருந்து, கடைசிப் பதினைந்தையும் யாராவது வெட்டியிருந்தால் மேலேயுள்ள சூத்திரம் எல்லாம் சரி என்றே சொல்லும். ஆகவே முதலெண்ணைக் கடந்த ஆண்டின் கடைசி எண்ணோடும், கடைசி எண்ணை அடுத்த நிதியாண்டின் முதல் எண்ணோடும் பொருத்திப் பாருங்கள். மார்ச் 31இல் சரக்கெண்ணும்போது கணக்காய்வாளர் களஞ்சியத்தில் நின்று கடைசி இன்வொய்ஸ் எண்ணையும் கடைசி டெலிவரி நோட் எண்ணையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அது இதற்காகத்தான். அவரிடம் இருக்கும் எண்ணும் உங்கள் பட்டியலின் கடைசி எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சரி, 39 எண்கள் கையில் இருக்கின்றன. எவை முக்கியம்?

எந்தக் கணக்காய்விலும் விற்பனையை இரண்டு திசையில் சோதிப்பார்கள். ஏட்டிலுள்ள இன்வொய்ஸை எடுத்துக்கொண்டு, அதற்குரிய பொருள் உண்மையில் போனதா என்று களஞ்சியத்துக்குப் போய்ப் பார்ப்பது ஒரு திசை. இல்லாத விற்பனையை எழுதியிருக்கிறார்களா என்பதை அது சொல்லும். களஞ்சியத்தை விட்டுப் போன பொருளிலிருந்து தொடங்கி, அதற்கு இன்வொய்ஸ் ஏட்டில் இருக்கிறதா என்று தேடி வருவது மறுதிசை. நடந்த விற்பனையை எழுதாமல் விட்டிருக்கிறார்களா என்பதை அது சொல்லும். விடுபட்ட எண் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இன்வொய்ஸ் ஏட்டையே புரட்டிக்கொண்டிருந்தால் இதற்கு ஒருநாளும் விடை கிடைக்காது, ஏனென்றால் தேடும் பொருள் அந்த ஏட்டில் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த எண்ணை வைத்துப் பொருள் வெளியே போனதா?

"ரத்தானது" என்று முகாமையாளர் சொல்வதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் இந்தக் கேள்விக்கு விடையாகாது. பொருள் போவதற்கு முன் ரத்தான இன்வொய்ஸும் பொருள் போன பின் ரத்தான இன்வொய்ஸும் திரையில் ஒரே மாதிரித்தான் தெரியும்.

அந்த நிறுவனத்தில் முதலில் மென்பொருளிலிருந்து ரத்தானவற்றின் பட்டியலை எடுத்தோம். 39இல் 17 அதில் இருந்தன. அவற்றின் மூலப்பிரதிகளைக் கேட்டோம். பதினாறுக்கு வாடிக்கையாளர் பிரதி உட்பட எல்லாப் பிரதிகளும் குறுக்குக் கோடிட்டு ஒன்றாகப் பின் குத்தப்பட்டிருந்தன. பெயர் தவறு, விலை தவறு, வற் எண் தவறு என்று காரணமும் எழுதி, பதிலாகப் போட்ட புதிய எண்ணும் குறித்திருந்தார்கள். டெலிவரி நோட்டிலும் புதிய எண்ணே இருந்தது. பதினேழாவதற்கு டெலிவரி நோட் பழைய எண்ணிலேயே இருந்தது. பொருள் போய், மறுநாள் திரும்பி வந்திருந்தது. களஞ்சியத்தில் திருப்பி ஏற்ற சீட்டும் இருந்தது. அப்படி நடந்தால் இன்வொய்ஸை அப்படியே விட்டுவிட்டு கிரெடிட் நோட் கொடுக்க வேண்டும், ரத்துச் செய்யக்கூடாது. முறை தவறு, பணம் சரி. அதைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனோம்.

அடுத்த 14 எண்கள் மென்பொருளின் பழக்கத்தால் வந்தவை. அந்த மென்பொருள் 'புதிய இன்வொய்ஸ்' என்று அழுத்தியவுடனேயே எண்ணை ஒதுக்கிவிடும். சேமிக்காமல் திரையை மூடினால் அந்த எண் திரும்பி வராது. தரவுத்தளங்களின் தானியங்கி எண்களின் இயல்பு இதுதான். பதிவு பாதியில் கைவிடப்பட்டாலும் ஒதுக்கிய எண் செலவானது செலவானதே. SQL Server பயன்படுத்தும் மென்பொருளில் வரிசை எண்ணையே இன்வொய்ஸ் எண்ணாக வைத்திருந்தால் இன்னொன்றும் நடக்கலாம்: மின்சாரம் திடீரென்று போய்ச் சேவர் மறுபடி எழும்பும்போது எண் ஒரேயடியாக ஏறக்குறைய ஆயிரம் தாவிவிடும். பார்த்தால் நெஞ்சு பதறும். ஆனால் தாவிய நேரமும் சேவர் எழும்பிய நேரமும் ஒன்றாக இருந்து, அந்த எண்களில் டெலிவரி நோட் ஒன்றும் இல்லாவிட்டால் அதில் அச்சப்பட ஒன்றுமில்லை. இயந்திரம் விட்ட இடைவெளியை அடையாளம் காண இதுவே வழி: அதற்கு நேரம் பொருந்தும், ஆள் பொருந்தாது. எங்கள் 14 எண்களும் பல பயனர்களிடம், பல நாள்களில், ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தன. எண் ஒதுக்கப்பட்டதும் திரை மூடப்பட்டதும் பயனர் பதிவேட்டில் இருந்தன.

மீதி எட்டு. இந்த வேலையின் நேரத்தில் முக்கால்வாசியை இந்த எட்டுக்கே கொடுத்தோம்.

விடுபட்ட எண்ணுக்குத் திகதி கிடையாது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களுக்கு நேரம் உண்டு. 10217 இல்லை என்றால், 10216 சனிக்கிழமை பகல் 12.40க்கும் 10218 பகல் 1.05க்கும் பதிவாகியிருந்தால், காணாமற்போன எண் அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள் பிறந்தது. அந்த நேரத்தில் யார் கணினியில் இருந்தார், காசாளரிடம் என்ன பணம் வந்தது, களஞ்சிய வாசலில் எந்த லொறி ஏற்றியது என்று தேட முடியும். எட்டு எண்களையும் இப்படி நேரத்துக்குள் அடைத்தோம். ஐந்து எண்கள் வெவ்வேறு வாரநாள்களில் விழுந்தன. மூன்று மட்டும் சனிக்கிழமை மதியத்தில், ஒரே பயனரின் வேலை நேரத்தில் விழுந்தன.

பிறகு களஞ்சியத்துக்குப் போய் டெலிவரி நோட் புத்தகங்களை எடுத்தோம். அவற்றுக்கும் தொடர் எண் உண்டு. ஒவ்வொன்றிலும் இன்வொய்ஸ் எண் எழுதப்பட்டிருக்கும். அந்தப் புத்தகங்களைக் களஞ்சியப் பொறுப்பாளர் தன் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். விற்பனைப் பிரிவின் கை அங்கே எட்டவில்லை. இது மிக முக்கியம். இன்வொய்ஸை அழிக்கக்கூடியவரே டெலிவரி நோட்டையும் கிழிக்கக்கூடியவராக இருந்தால் இந்தச் சோதனையால் பயனில்லை. ஆகவே முதலில் டெலிவரி நோட் தொடரிலேயே இடைவெளி இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பிறகுதான் எட்டு எண்களையும் அதில் தேடினோம்.

அந்த மூன்று சனிக்கிழமை எண்களும் அங்கே இருந்தன. பொருள் போயிருந்தது, வாங்கியவர்களின் கையெழுத்தும் இருந்தது. ஒன்றில் 24 பெயிண்ட் வாளிகள், மற்ற இரண்டில் குழாய் வகைகள். மூவரும் ரொக்கத்துக்கு வாங்கிய சிறு ஒப்பந்தகாரர்கள். இன்வொய்ஸ் போட்டு, அச்சிட்டு, பணம் வாங்கி, பொருளை அனுப்பிவிட்டு, அந்தப் பதிவை மென்பொருளிலிருந்து அழித்திருக்கிறார்கள். அழித்தவுடன் மென்பொருள் அந்த 24 வாளிகளையும் இருப்பில் மறுபடி சேர்த்துவிட்டது. களஞ்சியத்திலோ வாளிகள் இல்லை. சரக்கெண்ணும் நாளில் இது வெளிப்பட்டுவிடும் அல்லவா? மார்ச் மாதம் நடுவில் "சேதம்" என்ற பெயரில் ஓர் இருப்புத் திருத்தம் பதிவாகியிருந்தது. அதே பெயிண்ட், அதே அளவு, 24 வாளி. இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அந்த அறையில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

மற்ற ஐந்தில் மூன்று, தவறான வாடிக்கையாளரின் பெயரில் சேமித்து, சில நிமிடங்களில் அழித்து, அடுத்த எண்ணில் அதே பொருளை அதே தொகைக்குச் சரியான பெயரில் போட்டவை. டெலிவரி நோட் அடுத்த எண்ணைக் காட்டியது. கடைசி இரண்டு பற்றி முடிவில் சொல்கிறேன்.

மூன்று இன்வொய்ஸ்களின் தொகை வற் இல்லாமல் 412,000 ரூபா. ஆண்டு விற்பனை ஏறக்குறைய 380 மில்லியன். அதாவது நூற்றுக்கு 0.1 சொச்சம். கணக்காய்வில் எத்தனை ரூபா தவறு நிதிக் கூற்றுகளைப் பாதிக்கும் என்று ஓர் எல்லை வைப்பார்கள். விற்பனையின் அரை முதல் ஒரு வீதம் என்று வைப்பது பரவலான பழக்கம். அந்த அளவுகோலில் இது மிகச் சிறியது. நிறுவனத்தின் பணிப்பாளர் இதைத்தான் பிடித்துக்கொண்டார்: "நான்கு இலட்சம்தானே ஐயா, இதற்குப் போய் இவ்வளவா?"

அளவு சிறியதுதான். ஆனால் வகை வேறு. கை தவறி விடுபட்ட நான்கு இலட்சத்தைத் திருத்தி எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது. வேண்டுமென்று அழித்த நான்கு இலட்சம், அழிக்க முடிகிறது என்பதற்கு அத்தாட்சி. இலங்கைக் கணக்காய்வு நியமங்களில் 240ஆம் இலக்கம் மோசடி பற்றியது. விற்பனை வருமானத்தில் மோசடி இடர் உண்டு என்ற அனுமானத்தோடுதான் கணக்காய்வாளர் தொடங்க வேண்டும் என்கிறது அது. அப்படித் தொடங்கியவர் கையில் இந்த மூன்று கிடைத்தால், தொடரில் இடைவெளி விடாமல் இதே வேலையைச் செய்திருக்கிறார்களா என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. எனவே நாங்கள் அந்த ஆண்டின் "சேதம்" திருத்தங்கள் அனைத்தையும் எடுத்துப் பார்த்தோம். டெலிவரி நோட்டுகளில் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் உரியவற்றை ஒன்று விடாமல் இன்வொய்ஸோடு பொருத்தினோம். வேறொன்றும் கிடைக்கவில்லை. அப்படித் தேடிய பிறகுதான் 412,000 என்ற தொகையை நம்ப முடிந்தது.

வற் பக்கமும் இருக்கிறது. வரி இன்வொய்ஸுக்குத் தொடர் இலக்கம் இருக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கப் பெறுமதி சேர் வரிச் சட்டத்தின் தேவை. எண் விடுபட்டதற்காக மட்டும் வரி கூடிவிடாது. பொருள் போயிருந்தால் வரி உண்டு, பணம் யார் பையில் போனாலும். 2024 ஜனவரி 1 முதல் வீதம் 18 என்பதால் 412,000க்கு 74,160 ரூபா வரி அறிவிக்கப்படாமல் விடப்பட்டிருந்தது. அந்தக் காலாண்டுகளின் அறிக்கையைத் திருத்த வேண்டியதாயிற்று. வாங்கியவர்களில் யாராவது தன் கையிலுள்ள அந்த இன்வொய்ஸை வைத்து உள்ளீட்டு வரி கேட்டிருந்தால், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் அந்த எண் இருந்திருக்கும். விற்றவர் ஏட்டில் மட்டும் இருந்திராது.

உங்கள் வேலைக்கு வருகிறேன். கணக்காய்வாளர்கள் வருவதற்கு முன் ஒரு தாள் தயார் செய்யுங்கள். விடுபட்ட ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வரி. அதற்கு முன்னுள்ள, பின்னுள்ள இன்வொய்ஸ்களின் நேரம், அந்த நேரத்துப் பயனர், ரத்துப் பட்டியலில் இருக்கிறதா, மூலப்பிரதி இருக்கிறதா, டெலிவரி நோட்டில் அந்த எண் இருக்கிறதா, பதிலாகப் போட்ட எண் எது: இவ்வளவும் போதும். "முகாமையாளர் சொன்னார்" என்பதை விடையாக எழுதாதீர்கள். எந்தக் காகிதத்தைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். டெலிவரி நோட் நிரலில் ஓர் எண் தட்டுப்பட்டால், அதை முகாமையாளரிடம் விசாரிக்கத் தொடங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு பணிப்பாளர் ஒருவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். முகாமையாளரைக் குற்றம் சொல்வதற்காக அல்ல. இன்வொய்ஸை அழிக்கும் அனுமதி யார் யாரிடம் இருக்கிறது என்று தெரியும்வரை, அந்த அனுமதி உள்ள எவரிடமும் கேட்டு விடை காண முடியாது.

விடை கிடைக்காத எண்களும் இருக்கும். எங்கள் கடைசி இரண்டும் அப்படித்தான். ரத்துப் பட்டியலில் இல்லை, பயனர் பதிவேட்டில் இல்லை, டெலிவரி நோட்டில் இல்லை, அந்த நேரங்களில் காசாளரிடம் கணக்கில் வராத பணமும் இல்லை. ஏதாவது ஒரு காரணத்தை ஊகித்து எழுதும்படி கணக்காளர் கேட்டார். நான் எழுதவில்லை. இரண்டு எண்களையும், தேடிய இடங்களையும், அந்த இடங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் எழுதிக் கையொப்பமிட்டேன். கணக்காய்வாளர் அதைப் படித்துவிட்டு, டெலிவரி நோட் புத்தகங்களில் அந்த இரண்டு நாள்களுக்குரிய பக்கங்களை மட்டும் தானும் ஒருமுறை புரட்டிப் பார்த்து, தன் கோப்பில் "விளக்கம் இல்லை, பொருள் வெளியேறியதற்கு ஆதாரமும் இல்லை" என்று குறித்துக்கொண்டார்.